வேலை வாங்கித் தரும் தூரத்துப் பழக்கம்

1960களின் கடைசியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், ஹார்வர்டு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சமீபத்தில் வேலை மாறியவர்களாகத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். இந்த வேலை காலியாக இருப்பதை உங்களுக்குச் சொன்னது யார், நண்பரா என்று கேட்டார். பலர் அவரைத் திருத்தினார்கள். நண்பர் என்று சொல்ல முடியாது, தெரிந்தவர், அவ்வளவுதான் என்றார்கள். அந்த மாணவரின் பெயர் மார்க் கிரனோவெட்டர். அவர் 1973இல் எழுதிய ‘பலவீனமான பிணைப்புகளின் பலம்’ என்ற கட்டுரை, சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்றாகிவிட்டது.

அந்தக் கட்டுரை சொன்னது சரிதானா என்று நேருக்கு நேர் சோதித்துப் பார்க்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. 2022 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் அந்தச் சோதனையின் முடிவு வெளியானது. சோதனைக்கூடம் லிங்க்ட்இன். சோதிக்கப்பட்டவர்கள் 2 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அவர்களில் யாருக்கும் தாங்கள் சோதனையில் இருப்பது தெரியாது. கார்த்திக் ராஜ்குமார், கியோம் சான்-ஜாக், யாவர் போஜினோவ், எரிக் பிரின்யோல்ஃப்சன், சினான் அரால் ஆகிய ஐவர் எழுதிய கட்டுரை இது. லிங்க்ட்இன், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி ஆகிய இடங்களோடு தொடர்புடையவர்கள். வேலை தேடுகிற ஒவ்வொருவர் காதிலும் விழும் ‘ஆள் பழக்கம் வேண்டும்’ என்ற அறிவுரையில், எந்த ஆள், எவ்வளவு பழக்கம் என்பதற்கு இந்தக் கட்டுரை ஓரளவு கணக்கோடு பதில் சொல்கிறது.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நியூட்டனில் கிரனோவெட்டர் நேரில் பேட்டி எடுத்தவர்கள் 100 பேர். தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரிடம், சொன்னவரை அந்தக் காலத்தில் எத்தனை முறை பார்ப்பீர்கள் என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்பேன் என்றவர்கள் 9 பேர்தான். வருடத்துக்கு ஒரு முறை அல்லது அதைவிடக் குறைவு என்றவர்கள் 15 பேர். மீதி 30 பேர் இரண்டுக்கும் நடுவில். பழைய அலுவலகத்து ஆள், கல்லூரியில் கூடப் படித்து அப்புறம் தொடர்பு விட்டுப்போனவர், எங்கோ எதேச்சையாக எதிர்ப்பட்டவர் என்று இப்படிப்பட்டவர்கள்தான் செய்தியைக் கொண்டு வந்திருந்தார்கள்.

இதற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. உங்களுக்கு இரண்டு நெருங்கிய நண்பர்கள் இருந்தால், அந்த இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படியே ஒரு வட்டம் இறுகிவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். உங்கள் உயிர் நண்பர் சொல்லப்போகும் செய்தி ஏற்கெனவே உங்கள் காதுக்கு வந்திருக்கும். எப்போதோ ஒரு முறை பார்க்கிறவரோ வேறொரு வட்டத்தில் வாழ்கிறார். அவரைத் தெரியும் என்ற மெல்லிய இழைதான் இரண்டு வட்டங்களுக்கும் இடையில் பாலம். புதுச் செய்தி அந்தப் பாலத்தில்தான் நடந்து வரும்.

கேட்டவுடன் ‘ஆமாம்’ என்று தோன்றும் கருத்து இது. ஆனால் ஒத்துவராத ஆய்வுகளும் வந்துகொண்டே இருந்தன. சீனாவின் தியான்ஜின் நகரை ஆராய்ந்த யான்ஜே பியான், அங்கே வேலை ஒதுக்கீடு அரசின் கையில் இருந்த காலத்தில் நெருங்கிய உறவுகள்தான் காரியம் சாதித்தன என்று 1997இல் எழுதினார். அதிகாரி ஒருவர் விதியை வளைத்து உதவ வேண்டும் என்றால் நம்பிக்கை வேண்டும். தூரத்துப் பழக்கத்துக்காக யாரும் அந்த ஆபத்தை ஏற்க மாட்டார்கள். 2017இல் ஃபேஸ்புக்கில் சுமார் 60 லட்சம் அமெரிக்கர்களின் தொடர்புகளை ஆராய்ந்த லாரா ஜீ குழுவினர் இன்னொரு முடிச்சைப் போட்டார்கள். பெரும்பாலோருக்கு வேலை கிடைத்த இடத்தில் இருந்தவர் தூரத்துப் பழக்கமாகத்தான் இருந்தார். ஆனால் தூரத்துப் பழக்கங்கள் எண்ணிக்கையில் ஏராளம் என்பதுதான் அதற்குக் காரணம். தனித்தனியாக ஒரு ஆளுக்கு ஒரு ஆள் என்று பார்த்தால், நெருக்கமானவர் மூலம் வேலை அமைய வாய்ப்பு அதிகம். இதற்கு ‘பலவீனப் பிணைப்பின் முரண்’ என்றே பெயர் வந்துவிட்டது.

யார் சொல்வது சரி? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் இருந்ததற்குக் காரணம் ஆராய்ச்சியாளர்களின் சோம்பல் அல்ல. கேள்வியே அப்படிப்பட்டது. ஒருவருக்குத் தூரத்துப் பழக்கங்கள் நிறைய இருக்கின்றன, அவருக்கு நல்ல வேலையும் கிடைக்கிறது என்றால், முதலாவது இரண்டாவதுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது? வேலை மாற முடிவு செய்தவர்தான் லிங்க்ட்இன்னில் உட்கார்ந்து கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் இணைப்புக் கோரிக்கை அனுப்புகிறார். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு, புது நிறுவனத்து ஆட்களைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. இயல்பிலேயே சுறுசுறுப்பானவருக்குப் பழக்கமும் கூடுதல், வேலை வாய்ப்பும் கூடுதல். போதாக்குறைக்கு, வேலைக்கு உதவியவர் அதன் பிறகு நெருங்கிய நண்பராகவே ஆகிவிடுகிறார். ஆராய்ச்சியாளர் வந்து கேட்கும்போது அது ‘நெருக்கமான பிணைப்பு’ என்று பதிவாகும்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர ஒரே வழி, சிலருக்கு மட்டும் தூரத்துப் பழக்கங்களைக் கூட்டிவிட்டு, வேறு சிலருக்குக் கூட்டாமல் விட்டு, யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வது. மருந்துச் சோதனையில் அதைச் செய்யலாம். மனிதர்களின் சிநேகத்தை எப்படிக் குலுக்கிப் போடுவது?

லிங்க்ட்இன் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. வேறு நோக்கத்துக்காக.

லிங்க்ட்இன் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பகுதியைப் பார்த்திருப்பார்கள். ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்ற பொருளில் ‘பீப்பிள் யூ மே நோ’ என்று தலைப்பிட்டு, வரிசையாகச் சில முகங்களும் பதவிப் பெயர்களும், கீழே இணைப்புக்கான பொத்தானும் இருக்கும். இருவருக்கும் பொதுவாக எத்தனை பேரைத் தெரியும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். யார் முகத்தைக் காட்டுவது என்பதை ஒரு அல்காரிதம் முடிவு செய்கிறது. அதை மெருகேற்ற, நிறுவனம் அவ்வப்போது அதன் பல வடிவங்களை உறுப்பினர்களுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்க்கும். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஏ/பி டெஸ்ட். ஒரு வடிவம் நெருக்கமானவர்களை, அதாவது பொதுவான தொடர்புகள் நிறைய உள்ளவர்களை முன்னால் தள்ளும். இன்னொரு வடிவம் தூரத்து ஆட்களைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

ஆய்வாளர்கள் செய்தது, ஏற்கெனவே நடந்து முடிந்த இந்தச் சோதனைகளின் பதிவுகளை எடுத்து வேறு கண்ணோடு பார்த்ததுதான். 2015இல் நடந்த ஒரு சுற்றில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 2019இல் நடந்த பெரிய சுற்றில் சுமார் 1.6 கோடிப் பேர். இந்த ஐந்தாண்டு இடைவெளியில் ஏறக்குறைய 200 கோடிப் புதிய இணைப்புகளும் 6 லட்சம் புது வேலைகளும் பதிவாகியிருந்தன.

இந்த இரண்டு எண்களையும் ஒன்றையொன்று வகுத்துப் பார்ப்பது நல்லது. அந்த 6 லட்சம் வேலைகளும் புதிய இணைப்புகளால் மட்டுமே வந்தவை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு வேலைக்கு 3,300 இணைப்புகள். அதாவது தனியொரு இணைப்பின் விளைவு மிகமிகச் சிறியது. சில நூறு பேரைப் பேட்டி எடுத்து இதை அளக்க முடியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைக் கற்பனை எண்களை வைத்துப் பார்க்கலாம். கட்டுரையில் உள்ள எண்கள் அல்ல இவை, வழிமுறையைக் காட்டுவதற்காக இங்கே போட்டுப் பார்ப்பவை. தலா 10 லட்சம் பேர் கொண்ட இரண்டு குழுக்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் குழுவுக்குப் பழைய அல்காரிதம். இரண்டாவது குழுவுக்குத் தூரத்து ஆட்களைக் கூடுதலாகக் காட்டும் அல்காரிதம். ஒரு வருடம் கழித்து, முதல் குழுவில் ஒருவருக்குச் சராசரியாக 20 புதிய தூரத்து இணைப்புகள், இரண்டாவதில் 22. வேலை மாறியவர்கள் முதல் குழுவில் 30,000 பேர், இரண்டாவதில் 30,600 பேர்.

அவசரக்காரர் முதல் குழுவை மட்டும் எடுத்துக்கொண்டு, 2 கோடி இணைப்புகளுக்கு 30,000 வேலை, ஆகவே 10,000 இணைப்புக்கு 15 வேலை என்று சொல்லிவிடுவார். அது தவறு. அந்த 30,000 பேரில் பெரும்பாலோர் எந்த இணைப்பும் இல்லாமலே வேலை மாறியிருப்பார்கள். சரியான கணக்கு இரண்டு குழுக்களுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. இரண்டாவது குழுவுக்குக் கூடுதலாகக் கிடைத்த இணைப்புகள் 20 லட்சம். கூடுதலாகக் கிடைத்த வேலைகள் 600. ஆக, 10,000 இணைப்புக்கு 3 வேலை. அவசரக் கணக்கு ஐந்து மடங்கு ஊதிப் பெருக்கியிருக்கிறது. இரண்டு குழுக்களிலும் சுறுசுறுப்பானவர்கள், சோம்பேறிகள், வேலை தேடுகிறவர்கள், தேடாதவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருப்பார்கள். குலுக்கலின் வேலையே அதுதான். எனவே வித்தியாசத்துக்குக் காரணம் அல்காரிதம் மட்டுமே.

புள்ளியியலில் இதற்குக் கருவி மாறி முறை என்று பெயர். இங்கே கருவி, குலுக்கலில் விழுந்த அல்காரிதம். அது நேராக யாருக்கும் வேலை வாங்கித் தருவதில்லை. யாருடைய முகத்தைக் காட்டுவது என்பதை மட்டும் மாற்றுகிறது. முகம் மாறினால் இணைப்பு மாறுகிறது. இணைப்பு மாறினால் வேலை மாறுகிறதா என்று பார்க்கிறார்கள்.

குழுவின் அளவு ஏன் முக்கியம் என்பதும் இதே உதாரணத்தில் தெரிந்துவிடும். 10 லட்சம் பேர் கொண்ட இரண்டு குழுக்களுக்கு இடையில், எந்த மாற்றமும் செய்யாவிட்டாலும், வேலை மாறியவர்கள் எண்ணிக்கையில் 200, 300 வித்தியாசம் தற்செயலாகவே வந்துபோகும். 600 என்பது அதைத் தாண்டி நிற்கிறது. குழுவில் 10,000 பேர் மட்டும் இருந்திருந்தால் ஒரு பக்கம் 300 வேலை, மறுபக்கம் 306 வேலை. தற்செயல் வித்தியாசமே 20, 30 இருக்கும். அதற்குள் இந்த ஆறு காணாமல் போயிருக்கும்.

இந்த முறைக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு. புது அல்காரிதம் இணைப்புகளை மாற்றியதோடு நில்லாமல், சுவாரஸ்யமான முகங்களைக் காட்டி உறுப்பினரை லிங்க்ட்இன்னில் கூடுதல் நேரம் உட்கார வைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கூடுதல் வேலை விளம்பரங்களைப் பார்த்திருப்பார். வேலை அதனால்கூடக் கிடைத்திருக்கலாம். கணக்கு அதையும் இணைப்பின் பெயரில் எழுதிவிடும். இன்னொன்று, திரையில் இடம் குறைவு. தூரத்து ஆட்களைக் கூட்டினால் நெருக்கமானவர்கள் குறைவார்கள். விளைவு எதனால் வந்தது, கூட்டியதாலா, குறைத்ததாலா? ஒரே ஒரு மாற்று வடிவத்தை வைத்து இதைப் பிரிக்க முடியாது. பல வடிவங்கள் ஒரே நேரத்தில் ஓடியதால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட்டு இழைகளைப் பிரித்தெடுக்க வழி கிடைத்தது.

இனி முடிவுகள். கிரனோவெட்டர் அடிப்படையில் சரி. தூரத்துப் பழக்கங்கள் நெருக்கமானவற்றைவிட அதிகமாக வேலை மாற்றத்துக்குக் காரணமாகின்றன. ஆனால் கட்டுரையின் சாரம் அதில் இல்லை. அதற்குப் போட்ட திருத்தங்களில் இருக்கிறது.

முதல் திருத்தம்: பழக்கம் எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இருவருக்கும் பொதுவான தொடர்புகளின் எண்ணிக்கையைக் கிடைக்கோட்டிலும், வேலை வந்து சேரும் வாய்ப்பை மேல்நோக்கியும் வைத்து வரைந்தால், கோடு முதலில் ஏறி, ஒரு உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி. அந்த உச்சம் சுமார் 10 பொதுத் தொடர்புகள் உள்ள இடத்தில் வருகிறது. பொதுத் தொடர்பு ஒன்றுகூட இல்லாத முன்பின் தெரியாத ஆள் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. 50, 60 பேரைப் பொதுவாக அறிந்த ஆளும் அப்படித்தான். நடுவில், ஆனால் தூரத்துப் பக்கமாகச் சாய்ந்து நிற்பவரே உதவுகிறார்.

ஏன் என்பதற்கு விளக்கம் சொல்வது கஷ்டமில்லை. ஒரு வேலை கைமாற இரண்டு விஷயங்கள் வேண்டும். உங்களுக்குத் தெரியாத செய்தி அவரிடம் இருக்க வேண்டும். அதை உங்களிடம் சொல்லவும், உங்களைப் பற்றி உள்ளே ஒரு வார்த்தை சொல்லவும் அவருக்கு மனம் வர வேண்டும். பொதுத் தொடர்பு கூடக் கூட முதலாவது குறைகிறது. குறையக் குறைய இரண்டாவது காணாமல் போகிறது. சென்னை, பெங்களூரு ஐடி நிறுவனங்களில் ரெஃபரல் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது புரியும். யாரென்றே தெரியாத ஒருவர் ‘ஹாய், ரெஃபர் மீ’ என்று அனுப்பும் செய்திக்குப் பதில் போடத் தோன்றாது. பழைய டீம் லீட் ஒருவருக்கும் அவரைத் தெரியும் என்று பார்த்தால், ரெஸ்யூமை அனுப்பச் சொல்லத் தோன்றும்.

இரண்டாவது திருத்தம் நுணுக்கமானது. பழக்கத்தை அளக்க ஆய்வாளர்கள் இரண்டு அளவுகோல்களை வைத்திருந்தார்கள். ஒன்று, மேலே சொன்ன பொதுத் தொடர்புகளின் எண்ணிக்கை. மற்றொன்று, இருவரும் லிங்க்ட்இன்னில் ஒருவரோடொருவர் எவ்வளவு உரையாடிக்கொள்கிறார்கள் என்பது. இரண்டும் ஒரே பதிலைத் தரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். தரவில்லை. உரையாடலின் அளவை வைத்துப் பார்த்தால் நடுவில் உச்சம் எதுவும் இல்லை. மிகமிகக் குறைவாகப் பேசிக்கொள்பவர்களே அதிகம் உதவியிருக்கிறார்கள்.

ஆக, ‘பலவீனமான பிணைப்பு’ என்பது ஒரே பொருள் அல்ல. இருவரும் அடிக்கடி பேசிக்கொள்ளாதவர்களாக, அதே சமயம் பொதுவான சில மனிதர்களால் ஒரே உலகத்துக்குள் கட்டப்பட்டவர்களாக இருக்கலாம். ஐந்து வருடத்துக்கு முன் ஒரே புராஜெக்டில் வேறு வேறு டீமில் இருந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் எட்டு, பத்துப் பேரை இருவருக்கும் தெரியும். இந்த ஆய்வு அடையாளம் காட்டும் ஆள் ஏறக்குறைய அவர்தான். 1973இலேயே கிரனோவெட்டர் பிணைப்பின் பலத்தைச் செலவிடும் நேரம், உணர்ச்சி, அந்தரங்கம், பரஸ்பர உதவி ஆகியவற்றின் கலவையாகத்தான் வரையறுத்தார். அந்தக் கலவையின் கூறுகள் தனித்தனியாக எதிரெதிர்த் திசைகளில்கூட இழுக்கலாம் என்பது இப்போது தெரிகிறது.

மூன்றாவது திருத்தம் துறை சார்ந்தது. டிஜிட்டல் மயமான துறைகளில், அதாவது மென்பொருளும் இயந்திரக் கற்றலும் புகுந்த, வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய வேலைகள் அதிகம் உள்ள துறைகளில், தூரத்துப் பழக்கங்கள் உதவுகின்றன. அவ்வளவாக டிஜிட்டல் ஆகாத துறைகளில் நிலைமை தலைகீழ். அங்கே நெருக்கமான பிணைப்புகளே வேலை மாற்றத்தைக் கூட்டுகின்றன. ஒரு துறையின் தொழில்நுட்பமும் வேலைகளும் சீக்கிரம் சீக்கிரமாக மாறும்போது புதுச் செய்திக்கு மதிப்பு அதிகம், மெதுவாக மாறும் இடத்தில் ஆளை நம்பலாமா என்பதற்கு மதிப்பு அதிகம் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். இது ஊகம்தான், சோதனை இந்தக் காரணத்தை நேரடியாகச் சோதிக்கவில்லை. ஆனாலும் தியான்ஜினுக்கும் நியூட்டனுக்கும் இடையிலான பழைய சண்டையில் இருவருமே அவரவர் இடத்தில் சரியாக இருந்திருக்கலாம் என்று இந்த முடிவு காட்டுகிறது.

இந்த ஆய்வால் எதைச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தொடர்பு மூலம் வேலை வந்தது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யாரிடமும் கேட்கவில்லை. ஒருவர் ஒரு நிறுவனத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கிறார். இன்னொருவர் அவரோடு முன்பே இணைந்திருந்து, பின்னர் அதே நிறுவனத்தில் சேர்கிறார். அவ்வளவையும் சுயவிவரப் பக்கத்திலிருந்து எடுத்து, வேலை அந்த இணைப்பின் வழியே வந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் இருவரும் ஒருவரையொருவர் நினைத்துக்கூடப் பார்க்காமலே இது நடந்திருக்கலாம். அப்படிப்பட்ட தற்செயல்கள் எல்லாக் குழுக்களிலும் சமமாக இருக்கும் என்பதால் ஒப்பீடு கெட்டுவிடாது; ஆனால் ஒரு தனி மனிதரின் கதையில் என்ன நடந்தது என்று இந்தத் தரவு சொல்லாது.

லிங்க்ட்இன்னில் தூரமாகத் தெரிவது வாழ்க்கையில் தூரமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தினமும் வாட்ஸ்அப்பில் அரட்டை அடிக்கும் இரண்டு நண்பர்கள் லிங்க்ட்இன்னில் ஒரு செய்திகூடப் பரிமாறியிருக்க மாட்டார்கள். ‘குறைவாகப் பேசுகிறவர்களே உதவுகிறார்கள்’ என்ற இரண்டாவது முடிவைப் படிக்கும்போது இந்தச் சந்தேகம் எழாமல் இருக்காது. மேலும் சோதனை பேசுவது அல்காரிதம் காட்டியதால் புதிதாக உருவான இணைப்புகளைப் பற்றி. பள்ளியிலிருந்து கூட வரும் சிநேகிதத்தை எந்த அல்காரிதமும் உருவாக்கவில்லை. அதன் பலம் இங்கே அளக்கப்படவும் இல்லை. லிங்க்ட்இன்னில் இல்லாத உழைப்பாளிகள் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

அடுத்தது, வேலை கிடைத்ததா என்பதுதான் இங்கே எண்ணப்பட்டது. அது நல்ல வேலையா, சம்பளம் ஏறியதா, அதில் எத்தனை நாள் நிலைத்தார் என்பதெல்லாம் இந்த முடிவுகளில் அடங்காது. ஒருவருக்குக் கிடைத்த இடம் இன்னொருவருக்குக் கிடைக்காமல் போன இடமா என்ற கேள்வியும் உண்டு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தூரத்துப் பழக்கங்களைக் கூட்டிவிட்டால் மொத்த வேலைகள் கூடுமா, அல்லது வரிசையில் யார் முன்னால் நிற்பது என்பது மட்டும் மாறுமா? குலுக்கலில் இரண்டு குழுக்களை ஒப்பிடும் முறையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பிறகு, அனுமதி. கட்டுரை வெளியான சில நாட்களில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதைக் கையில் எடுத்தது. 2 கோடிப் பேருக்குத் தெரியாமல், அவர்களுடைய வேலை வாய்ப்பைத் தொடக்கூடிய ஒரு சோதனையை நடத்தலாமா என்று அதில் கேள்வி எழுந்தது. பயனர் ஒப்பந்தத்துக்கும் தனியுரிமைக் கொள்கைக்கும் உட்பட்டே செயல்பட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. இதற்கு முன்னோடியும் உண்டு. 2014இல் ஃபேஸ்புக், 6,89,003 பயனர்களின் செய்தி ஓடையில் மகிழ்ச்சியான பதிவுகளையும் சோகமான பதிவுகளையும் கூட்டிக் குறைத்துப் பார்த்த ஆய்வு வெளியானபோது பெரிய கண்டனம் கிளம்பி, அதை வெளியிட்ட இதழே கவலை தெரிவித்துக் குறிப்பு போட வேண்டியதாயிற்று.

லிங்க்ட்இன் விவகாரம் அந்த அளவுக்கு மோசமில்லை என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து. அல்காரிதத்தின் எந்த வடிவம் சிறந்தது என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அது எப்படியும் மாறிக்கொண்டேதான் இருக்கும். குலுக்கிப் போட்டு மாற்றுவதால் விளைவு என்னவென்று தெரிந்துகொள்ளவாவது முடிகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் ‘ஏற்கிறேன்’ என்று அமுக்கியதைச் சோதனைக்குத் தந்த சம்மதமாக எடுத்துக்கொள்வது சரியில்லை. வேலையில்லாமல் இருந்த ஒருவருக்கு நெருக்கமான முகங்களை மட்டும் காட்டிய குழு குலுக்கலில் விழுந்திருந்தால், அவர் கொடுத்த விலை சிறியதாக இருந்தாலும் அது அவரைக் கேட்காமல் வாங்கிய விலை. நடந்த பிறகாவது அவரவருக்குத் தெரிவித்திருக்கலாம். ஆய்வாளர்கள் சிலர் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதும், தரவு வெளியார் யாரும் எளிதில் எடுத்துச் சரிபார்க்கக்கூடியது அல்ல என்பதும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியவை.

இந்தக் கட்டுரையைக் காட்டி, ‘ஒரே மாதத்தில் 500 பேரை லிங்க்ட்இன்னில் சேர்த்துவிடுங்கள், வேலை தானாக வரும்’ என்று யாராவது பயிற்சி வகுப்பு நடத்தினால் நம்பாதீர்கள். முன்பின் தெரியாதவர்களை அள்ளிச் சேர்ப்பது கோட்டின் தாழ்ந்த முனையில் நிற்பதற்குச் சமம். மென்பொருள் போன்ற துறையில் இருந்துகொண்டு வேலை மாற நினைப்பவர்கள், பத்துப் பேர் அளவில் பொதுத் தொடர்பு உள்ள, வேறு நிறுவனத்தில் இருக்கிற, நீண்ட நாள் பேசாத ஒரு பழைய முகத்துக்கு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். தொழிற்சாலையிலோ கட்டுமானத்திலோ இருப்பவர்கள் முதலில் நெருங்கிய நண்பரிடமே சொல்லி வைக்கலாம்.